பச்சை விளக்கும் மஞ்சள் விளக்கும்

மரக்காணத்தில் உப்பளத்துக்கு அருகில் இருக்கிறது என் பெரியம்மா வீடு. சென்ற மாசி மாதம் அந்த வீட்டுத் திண்ணையில் இரண்டு பித்தளைக் குத்துவிளக்குகளை அருகருகே நிறுத்தி, ஒரு பகல் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டும் ஐந்து முகம், இரண்டடிக்குச் சற்று மேல் உயரம், உச்சியில் அன்னம். முதலாவது பெரியம்மாவின் மாமியார் சீராகக் கொண்டுவந்தது. "அவங்க பாட்டிக்கும் பாட்டி காலத்தது, இருநூறு வருஷம் இருக்கும்" என்பது வீட்டுப் பேச்சு. இரண்டாவதைக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு பழம்பொருள் கடையில் அண்ணன் வாங்கி வந்திருந்தார். செட்டிநாட்டு வீடு ஒன்றிலிருந்து வந்தது, 150 வயது என்று கடையில் சொன்னார்களாம்.

முதல் பார்வைக்குத் தீர்ப்பு எளிது. வீட்டு விளக்கு நேற்று வாங்கியதுபோல் மஞ்சளாக மின்னியது. கடை விளக்கோ கறுத்து, இடுக்கெல்லாம் பச்சை பூத்து, மண்ணுக்குள்ளிருந்து எடுத்ததுபோல் நின்றது. திண்ணையோரம் எட்டிப் பார்த்த எல்லோரும் கடை விளக்கையே பழையது என்றார்கள். பெரியம்மாவுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஒரு விளக்கின் வயதைக் கேட்டுச் சொல்ல மூன்று சாட்சிகள் உண்டு. உலோகத்தின் மேல் படிந்த களிம்பு, வார்த்துக் கடைந்த விதம், கை பட்டுத் தேய்ந்த தேய்மானம். மூன்றும் எல்லா ஊரிலும் ஒரே அளவுக்கு உண்மை பேசுவதில்லை. உப்புக்காற்று அடிக்கும் கரையில் முதல் சாட்சிதான் அதிகம் பொய் சொல்லும்.

களிம்பு சொன்னது

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. காற்றுப் பட்டால் செம்பு முதலில் மெல்லப் பழுப்பேறும், பிறகு கறுக்கும். உள்நாட்டில் பரணில் சும்மா கிடக்கும் விளக்கு இப்படிப் பல வருடம் எடுத்துக்கொண்டு நிறம் மாறும். அந்தப் படலம் மெல்லியதாக, இறுக்கமாக, உலோகத்தோடு ஒட்டியிருக்கும். நகத்தால் சுரண்டினாலும் வராது.

கடலோரத்தில் கதை வேறு. காற்றோடு வரும் உப்பிலுள்ள குளோரைடு செம்பைத் தாக்கி, மேற்பரப்புக்கு அடியில் ஒரு செம்பு உப்பை உண்டாக்குகிறது. ஈரமும் காற்றும் சேர்ந்ததும் அது வெளிர்பச்சைத் தூளாக வெளியே பூக்கிறது. பூத்தபின் நிற்பதும் இல்லை. அதே குளோரைடு திரும்ப உள்ளே போய் இன்னும் கொஞ்சம் செம்பைத் தின்கிறது. செப்புத் திருமேனிகளுக்கு வரும் இந்தக் கேட்டை அருங்காட்சியகத்தார் வெண்கல நோய் என்பார்கள். சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதிப் பாதுகாப்பு ஆய்வகம் 1930-ல் தொடங்கியது. நோய் பிடித்த திருமேனிகளை மின்பகுப்பு முறையில் சீராக்கியது அதன் தொடக்க கால வேலைகளில் முக்கியமானது.

இந்தப் பச்சை வர நூறு வருடம் வேண்டாம். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை ஏறியபோது, எதிர்வீட்டில் ஒரு விளக்கு சேற்று நீரில் கிடந்தது. கழுவித் துடைத்துப் பரணில் வைத்தார்கள். பொங்கலுக்கு எடுத்தபோது பாதத்தின் உட்புறம் முழுக்கப் பச்சைத் தூள். அந்த விளக்கு வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. ஆக, மரக்காணத்தில் ஒரு விளக்கு பச்சையாக இருக்கிறது என்றால் அது உப்பையும் ஈரத்தையும் கண்டிருக்கிறது என்று மட்டுமே பொருள்.

இனி கடை விளக்குக்கு வருவோம். அதன் பச்சை எங்கே இருக்கிறது என்று பார்த்தோம். இயற்கையாக ஏறிய பச்சை நீர் தங்கும் இடங்களில்தான் தங்கும்: வளையங்களின் மேல்மடிப்பு, பாதத்தின் உள்விளிம்பு, தட்டின் அடி. இதிலோ பச்சை கோடுகோடாக வழிந்திருந்தது. அந்தக் கோடுகள் எல்லாம் பாதத்திலிருந்து அன்னத்தை நோக்கி ஓடின. நிற்கும் விளக்கில் ஈரம் மேல்நோக்கி வழியாது. தலைகீழாகத் தொங்கவிட்டு ஏதோ கரைசலை ஊற்றியிருக்கிறார்கள். நவச்சாரமும் வினிகரும் கலந்து தெளித்து மூடிவைத்தால் சில நாளில் இப்படிப் பச்சை வரும் என்பது உலோகப் பட்டறைகளில் எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

கறுப்புக்கும் ஒரு சோதனை செய்தோம். பஞ்சில் நகப்பூச்சு நீக்கியைத் தொட்டு, கண்ணில் படாத ஓரிடத்தில் தேய்த்தோம். பஞ்சு உடனே கறுத்தது, அடியில் மஞ்சள் உலோகம் தெரிந்தது. அது மெழுகு கலந்த பூச்சு, ஏறக்குறைய செருப்புப் பாலீஷ். அதே பஞ்சால் வீட்டு விளக்கின் வளையங்களுக்கு அடியிலிருந்த பழுப்புப் பிசுக்கைத் தேய்த்தபோது லேசான கறை மட்டுமே வந்தது. சுடர்ச்சூட்டில் காய்ந்து காய்ந்து வார்னிஷ்போல் இறுகிய எண்ணெய் அப்படித்தான் பிடிவாதம் பிடிக்கும்.

அப்படியானால் வீட்டு விளக்கு ஏன் பளபளக்கிறது? வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் துலக்குகிறார்கள். அறுபது வருடம் வாரம் ஒருமுறை துலக்கினால் மூவாயிரம் தடவைக்கு மேல். களிம்பு ஏற அதற்கு நேரமே கிடைத்ததில்லை. நாள்தோறும் ஏற்றப்படும் தமிழ்வீட்டு விளக்கில் வெளிப்புறக் களிம்பைத் தேடுவது வீண். மேலெல்லாம் தடித்த களிம்போடு ஒரு பூசை விளக்கு கிடைத்தால், அது பல காலம் ஏற்றப்படாமல் கிடந்திருக்க வேண்டும், இல்லையேல் யாரோ களிம்பு பூசியிருக்க வேண்டும்.

ஆனால் கை எட்டாத இடம் ஒன்று உண்டு. விளக்கைப் படுக்கவைத்து, கைபேசி வெளிச்சத்தில் பாதத்தின் குடைவுக்குள் பார்த்தோம். அங்கே அடர்ந்த பழுப்பு, நடுநடுவே கறுப்பு, இரண்டோர் இடத்தில் ஊசிமுனை அளவு குழிகளோடு பச்சை. ஒரு புள்ளி செந்நிறமாகத் தெரிந்தது. உப்பு ஈரம் பித்தளையிலிருந்து துத்தநாகத்தை மட்டும் மெல்ல உருவிவிடும். மிஞ்சுவது பஞ்சுபோன்ற சிவந்த செம்பு. புளியில் இரவெல்லாம் ஊறவைத்த விளக்கும் இப்படிச் சிவக்கும், ஆனால் அது தோலளவுச் சிவப்பு. சாம்பலால் இரண்டு தேய் தேய்த்தால் மஞ்சள் திரும்பிவிடும். இந்தப் புள்ளியை ஊசியால் மெல்லக் கிளறினோம். உள்ளேயும் சிவப்பே. அது நாள்பட்ட வேலை. எத்தனை நாள் என்று மட்டும் அது சொல்லாது.

வார்ப்பும் கடைசலும் சொன்னது

குத்துவிளக்கு ஒரே துண்டாக வார்க்கப்படுவதில்லை. கும்பகோணத்துக்கு அருகே நாச்சியார்கோவிலில் இன்றும் நடக்கிற முறையே இதற்கு நல்ல உதாரணம். பாதம், தண்டு, எண்ணெய்த் தட்டு, தலை என்று தனித்தனியே மணல் அச்சில் வார்த்து, கடைசல் எந்திரத்தில் பூட்டிக் கடைந்து, மரை போட்டு ஒன்றோடொன்று திருகிவிடுவார்கள். காவிரிக்கரை வண்டல் மண் அச்சுக்கு வாகாக இருப்பது அந்த ஊருக்குக் கிடைத்த கொடை. மணல் அச்சு இரண்டு பாதியாகப் பிரியும். அவை சேரும் இடத்தில் உலோகம் கசிந்து ஒரு தையல்கோடு விழும். வெளியே கடைசலில் அந்தக் கோடு போய்விடும், உள்ளே அப்படியே நிற்கும்.

ஆகவே தையல்கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துப் பழையதையும் புதியதையும் பிரிக்க முடியாது. இரண்டு விளக்கிலும் அது இருந்தது. வேறுபாடு கடைந்த தடத்தில் தெரிந்தது.

மின்மோட்டார் வருமுன் கடைசல் எந்திரத்தின் தண்டில் கயிறு சுற்றி ஒருவர் முன்னும் பின்னும் இழுக்க, மற்றவர் உளியைக் கையால் அழுத்திப் பிடிப்பார். வேகம் ஏறி இறங்கும், கையழுத்தம் மாறும். அதனால் தடங்கள் சமமாக விழாது. வீட்டு விளக்கின் பாதத்துக்குள், துலக்கும் கை போகாத இடத்தில் அந்தத் தடங்கள் இருந்தன. ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் இடைவெளி, ஒரு கோடு பாதிச் சுற்றில் ஆழமாகித் திரும்ப மங்கியது. தண்டின் வளையங்களை நூலால் அளந்தோம். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிந்த நான்கு வளையங்களில் எதுவும் மற்றதோடு ஒத்துப்போகவில்லை. கடை விளக்கிலோ தடங்கள் இசைத்தட்டின் வரிகளைப்போல் சீராக ஓடின, வளையங்கள் நான்கும் ஒரே சுற்றளவு.

அடுத்தது மரை. கடை விளக்கைக் கழற்றினோம். மரைகள் கூர்மையாக, சம இடைவெளியில், பளிச்சென்ற மஞ்சளில் இருந்தன. வெளியே நூற்றைம்பது வருடம், உள்ளே நேற்று. இறுகப் பூட்டிய மரைக்குள் காற்று போகாது என்று வாதாடலாம். ஆனால் விளக்கில் எண்ணெய் கசிந்து முதல் இரண்டு மூன்று சுற்றிலாவது பிசுக்கு ஏறியிருக்கும். அதுவும் இல்லை.

வீட்டு விளக்கைக் கழற்ற ஆரம்பித்ததும் பெரியம்மா, "மெல்லப்பா, அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு" என்றார். மரைகள் மழுங்கி, தண்டு ஆடாமலிருக்கச் சுற்றிய நூல் எண்ணெயில் ஊறிக் கறுத்திருந்தது. மரை அகலமானது, சுற்றுக்குச் சுற்று சற்றே வித்தியாசமானது. அந்தப் பாதத்தில் அந்தத் தண்டு மட்டுமே சேரும்படி கையால் போட்டது. பாதத்தின் விளிம்பில் உளியால் குத்திய இரண்டு புள்ளிகள் இருந்தன. தண்டின் அடியிலும் தட்டின் அடியிலும் அதே இரண்டு புள்ளிகள். பட்டறையில் நான்கைந்து விளக்குகளின் உறுப்புகள் ஒன்றாகக் கிடக்கும்போது எது எதற்கு ஜோடி என்று தெரியப் போட்ட குறி. அன்னத்தில் மட்டும் அந்தக் குறி இல்லை.

தேய்மானம் சொன்னது

பூசலாம், புதைக்கலாம், கறுப்பாக்கலாம். ஆனால் ஒரு வீட்டின் பழக்கத்தை விளக்கின் மேல் போலியாக ஏற்றுவது கடினம். ஏனென்றால் பழக்கம் எல்லா இடத்தையும் ஒரேமாதிரி தேய்ப்பதில்லை.

முதலில் ஐந்து முகங்களைப் பார்த்தோம். வீட்டு விளக்கில் ஒரு முகம் மட்டும் வாய்க்கால்போல் குழிந்து, உதடு தேய்ந்து மெலிந்திருந்தது. மற்ற நான்கும் ஏறக்குறைய வார்த்த கூர்மையோடு இருந்தன. அந்த வீட்டில் தினமும் ஏற்றுவது கிழக்கு முகம் ஒன்றுதான். ஐந்து முகமும் எரிவது கார்த்திகைக்கும் வீட்டு விசேஷத்துக்கும். தினமும் திரியைக் குச்சியால் தூண்டி, கருகலைச் சுரண்டி, கட்டைவிரலால் துடைத்த முகம் அது ஒன்றே. கடை விளக்கின் ஐந்து முகங்களும் ஒரே அளவு மழுங்கியிருந்தன. ஐந்து முகமும் சமமாகத் தேய, அந்த வீட்டில் தினமும் திருவிழா நடந்திருக்க வேண்டும்.

பிறகு தண்டின் வளையங்களில் நகத்தை ஓட்டினோம். துலக்கும் கை வளையத்தின் வெளிமுனையைத் தொடும், உள்மடிப்புக்குள் போகாது. அதனால் உண்மையாகத் தேய்ந்த வளையத்தில் வெளிமுனை உருண்டு வழவழப்பாகவும் உள்மடிப்பு கூராகவும் இருக்கும். தண்டின் நடுவில், தூக்கும்போது கை பிடிக்கும் இடத்தில், தேய்மானம் இன்னும் கூடுதலாக இருக்கும். வீட்டு விளக்கில் நடு வளையம் மற்றவற்றைவிட மெலிந்து, பூவேலை அடையாளம் தெரியாமல் அழிந்திருந்தது. கடை விளக்கின் வளையமுனைகளில் சிறுசிறு தட்டைகள் நகத்தில் இடறின. அரம் போட்டால் தட்டை விழும். கை தேய்த்தால் உருளும்.

கடைசியாகப் பாதத்தின் அடிவிளிம்பு. விளக்கை யாரும் எப்போதும் தூக்கி வைப்பதில்லை. எண்ணெயோடு கனக்கும் விளக்கைத் தரையில் நகர்த்துவார்கள், திருப்புவார்கள். சாணித் தரை, சிமெண்டுத் தரை, கல் தரை என்று வீட்டுக்கு ஏற்பத் தரையும் மாறும். அதனால் உண்மையான அடிவிளிம்பில் கீறல்கள் எல்லாத் திசையிலும் ஓடும். சில ஆழம், சில மெல்லிசு, பழைய கீறல்மேல் புதுக்கீறல். வீட்டு விளக்கில் அப்படியே. கடை விளக்கின் அடியில் எல்லாக் கோடும் ஒரே திசையில், ஒரே ஆழத்தில். உப்புத்தாள் போட்ட கை அங்கே இரண்டு நிமிடம் வேலை பார்த்திருக்கிறது.

அன்னத்துக்குத் திரும்பினோம். புள்ளிக்குறி இல்லாத அந்த அன்னத்தின் அலகு கூராக இருந்தது, சிறகின் கோடுகள் எண்ணும்படி தெளிவாக இருந்தன. துலக்கும்போது முதலில் தேய வேண்டியது துருத்தி நிற்கும் அலகுதான். நடு வளையத்தின் பூ அழிந்த விளக்கில் அன்னத்தின் சிறகு பிழைத்திருக்க முடியாது. அன்னம் பிற்பாடு வந்தது.

பெயரெழுத்து சொன்னது

தமிழ்வீட்டுப் பித்தளையில் இன்னொரு சாட்சியும் உண்டு. பாத்திரக்கடையில் பெயர் வெட்டிக் கொடுக்கும் வழக்கம். வீட்டு விளக்கின் பாதத்திலும் ஒரு பெண் பெயர் புள்ளிபுள்ளியாக வெட்டப்பட்டிருந்தது. பெயர் 'லை' என்று முடிகிறது. அந்த 'லை' இன்று நாம் எழுதுவதுபோல் இல்லை. யானைத் துதிக்கை தூக்கியதுபோல் வளைவு எழுத்தோடு ஒட்டிய பழைய வடிவம்.

தமிழக அரசு 1978-ல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணை, லை, ளை, னை, றா, ணா, னா ஆகியவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது. பெரியார் தம் குடி அரசு இதழில் 1935 முதலே சீர்திருத்த எழுத்தைக் கையாண்டார் என்பதால், புதுவடிவம் இருந்தால் 1978-க்குப் பிந்தியது என்று அடித்துச் சொல்ல முடியாது. பழைய வடிவமும் ஓர் அளவுக்கே உதவும். பழைய பள்ளியில் படித்த கை, ஆணைக்குப் பிறகும் சில வருடம் பழக்கத்தில் அப்படியே வெட்டியிருக்கும். ஆனாலும் அந்தப் புள்ளிகள் தேய்ந்து பாதி மங்கியிருந்ததையும் சேர்த்துப் பார்த்தால், எழுத்து 1978-க்கு முந்தியது என்பதே பொருத்தம். அது பெயர் வெட்டிய காலம் மட்டுமே. விளக்கு அதற்கு முன்பே இருந்திருக்கலாம், பின்னால் வந்திருக்க முடியாது.

இரண்டின் தீர்ப்பு

கடை விளக்கில் பச்சை தலைகீழாக வழிந்தது, கறுப்பு பஞ்சில் வந்தது, மரை புதியது, தேய்மானம் எங்கும் ஒரே அளவு. நான்கும் ஒரே திசையைக் காட்டுகின்றன. அது மின்மோட்டாரில் கடைந்த, அண்மைக்கால விளக்கு. ஒரு குறி மட்டும் பிசகியிருந்தால் சந்தேகத்தின் பலனைக் கொடுத்திருக்கலாம்.

வீட்டு விளக்கில் பாதம், தண்டு, தட்டு மூன்றும் ஒரே பட்டறையில் ஒன்றாகப் பிறந்தவை, கையால் கடைந்தவை, நெடுங்காலம் ஒரே வீட்டுப் பழக்கத்தில் புழங்கியவை. பெயர் வெட்டி ஏறக்குறைய அரைநூற்றாண்டாவது ஆகிறது. அன்னம் மாற்றப்பட்டது. இதைத் தாண்டி இருநூறு வருடம் என்பதற்கு விளக்கில் ஒரு தடயமும் இல்லை. 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் ஒரு பொருளைத் தொல்பொருள் எனக் கொள்ளக் குறைந்தது 100 வயது கேட்கிறது. இந்த விளக்கு அந்தக் கோட்டைத் தாண்டியதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது.

அண்ணன், "நகைக்கடையில காரட் பாக்கற மெஷின்ல வெச்சா தெரிஞ்சிடுமே" என்றார். அந்த எக்ஸ் கதிர்க் கருவி உலோகக் கலவையைச் சொல்லும், பிறந்த வருடத்தைச் சொல்லாது. அலுமினியம் வேண்டுமென்றே கலந்திருப்பது தெரிந்தால் உதவும். 1886-ல் மின்பகுப்பு முறை கண்டுபிடிக்கப்பட்ட பிறகே அலுமினியம் மலிவாயிற்று. துத்தநாகம் மிகுந்திருந்தால் புதியது என்ற ஐரோப்பியக் கணக்கு இங்கே செல்லாது. ராஜஸ்தானத்துச் சாவரில் ஐரோப்பாவுக்கு முன்பே துத்தநாகத்தை வடித்து எடுத்தார்கள். உப்புக்கரை விளக்குக்கு இன்னொரு கோளாறும் உண்டு. கருவி பார்ப்பது மேல்தோலை மட்டும். உப்பு துத்தநாகத்தை உருவிய இடத்தில் வைத்தால் செம்பு கூடுதலாகக் காட்டி, விளக்கை இல்லாத பழமைக்குத் தள்ளிவிடும். பழைய பாத்திரத்தை எடைக்குப் போட்டு உருக்கிப் புதிது வார்ப்பதும் நம் ஊர் வழக்கம். அப்போது உலோகம் பழசாக இருக்கும், விளக்கு புதிதாக இருக்கும்.

இத்தனையையும் சொல்லி முடித்ததும் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. இருநூறு வருடம் போனது வருத்தம்தான். பிறகு அன்னத்தைக் கையில் எடுத்துத் திருப்பினார்.

"இது மாறினதுன்னு எப்படிப்பா கண்டுபுடிச்ச? என் கல்யாணத்தப்போ இதுல அன்னமே இல்ல. எங்க வீட்டுக்காரர் சின்னப் புள்ளையா இருக்கும்போது கெணத்துல போட்டுட்டாராம். ரொம்ப நாள் மொட்டையாத்தான் ஏத்தினோம். பெரியவன் பொறந்த வருஷம் மாமியார் கும்பகோணம் போனப்போ பட்டறையில சொல்லி வாங்கியாந்தாங்க."

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. புளியோடு உப்பும் சேர்த்துத் துலக்குவது அந்த வீட்டு வழக்கம். உப்பை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். காற்றில் வருவதே போதும். நல்ல தண்ணீரில் கழுவி, பாதத்தின் உட்புறம் ஈரம் நிற்காமல் துணியால் ஒற்றி, வெயிலில் கவிழ்த்து வைத்தார் பெரியம்மா. சாயங்காலம் நூலைச் சுற்றித் தண்டைப் பூட்டி, தேய்ந்த முகத்தைக் கிழக்கே திருப்பித் திரி போட்டார். கடை விளக்கை அண்ணன் காரில் ஏற்றிக்கொண்டார். திண்ணையில் அது நின்ற இடத்தில் பச்சைத் தூள் வட்டமாகக் கொட்டிக் கிடந்தது.